அழிந்த கோட்டை வீட்டில் வரையாதீர்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். கீமோ முடிந்து இப்போது மதுரையில் கரண்டு வைக்கிறார்கள். மொத்தம் 15 நாள், நாலு நாள் முடிந்திருக்கிறது. மேலூர் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறோம். கரண்டுக்காக ஆஸ்பத்திரியில் உடம்பில் மையால் போட்டுவிட்ட கோடுகளில் இடது பக்கக் கோடு வேர்வையில் அழிந்துவிட்டது. மிச்சம் தெரிந்ததை வைத்து நானே ஸ்கெட்ச் பேனாவால் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் சொல்லப் பயமாக இருக்கிறது. கோடு போய்விடும் என்று அம்மா குளிக்கவும் மாட்டேன் என்கிறார். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசினால் தோல் கறுக்காது என்கிறார்கள், பூசலாமா? ஸ்கேன் எடுத்த பிறகு ஒன்பது நாள் ஏன் காக்க வைத்தார்கள்? இன்னும் இரண்டு வாரத்தில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். போயே ஆக வேண்டும் என்று அம்மா அடம்பிடிக்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த முறை கரண்டுக்கு, அதாவது கதிர்ச் சிகிச்சைக்குப் போனதும், அம்மாவை மேஜையில் படுக்க வைப்பதற்கு முன்பே டெக்னீஷியனிடம், "இடது பக்கக் கோடு அழிந்துவிட்டது, இப்போது இருப்பது நான் வீட்டில் வரைந்தது" என்று சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று யோசிக்க வேண்டாம். கோடு அழிவது அங்கே அன்றாடம் நடப்பது. அழிந்த கோட்டைத் திரும்பப் போட அவர்களுக்கு வழி உண்டு. இருக்கும் கோடு யார் போட்டது என்று தெரியாமல் போவதுதான் அவர்களுக்குச் சிக்கல். நீங்கள் வரைந்ததை அழித்துவிட்டும் போகாதீர்கள், அப்படியே காட்டுங்கள்.

வீட்டில் ஏன் வரையக் கூடாது என்பதை நீங்களே இரண்டு நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். உங்கள் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அக்குளுக்கு நாலு விரல் கீழே விலாவில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிக்கு நேர் அடியில் எந்த விலா எலும்பு இருக்கிறது என்று விரலால் அழுத்திப் பாருங்கள். இப்போது கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். புள்ளி எலும்பை விட்டு மேலே நகர்ந்திருக்கும். தோல் எலும்போடு ஒட்டியது அல்ல, அதன் மேல் வழுக்கி ஓடுவது. உடம்பின் பக்கவாட்டில் இந்த வழுக்கல் அதிகம், நடு நெஞ்சில் குறைவு. அம்மாவின் கோடு போடப்பட்டது அவர் மல்லாந்து, கை இரண்டும் தலைக்கு மேல், ஒரு குறிப்பிட்ட சாய்வில் படுத்திருந்தபோது. அந்தப் படுக்கையில் மட்டும்தான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது, பழைய மையின் நிழலைப் பார்த்து நீங்கள் எவ்வளவு கவனமாகப் போட்டிருந்தாலும், படுத்துக் கையைத் தூக்கியதும் அது சரியான இடத்தில் வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது.

இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மற்ற கேள்விகளுக்கும் பதில் தானாகக் கிடைக்கும்.

சிகிச்சை தொடங்குவதற்கு ஒன்பது நாளுக்கு முன்பு எடுத்தது நோயைக் கண்டுபிடிக்கும் ஸ்கேன் இல்லை, அளவெடுக்கும் ஸ்கேன். சிமுலேஷன் என்பார்கள். சாதாரண சி.டி. மேஜை நடுவில் குழிந்து தொட்டில் போல இருக்கும். இந்த ஸ்கேனுக்கு அதன் மேல் தட்டையான பலகை போடுவார்கள், ஏனென்றால் சிகிச்சை இயந்திரத்தின் மேஜையும் தட்டை. அதன் மேல் மார்புச் சிகிச்சைக்கென்றே உள்ள ஒரு சாய்வுப் பலகை. தலைக்கு ஓரிடம், கை வைக்க ஓரிடம், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, வழுக்கிக் கீழே இறங்காமல் இருக்க அடியில் ஒரு தடை. ஒவ்வொன்றிலும் எண் குறித்திருக்கும். பலகை எத்தனையாவது படியில், கை எந்த எண்ணில், தலை எந்தப் பக்கம் திரும்பி என்று எல்லாவற்றையும் எழுதி, படமும் எடுத்து வைத்திருப்பார்கள். தினமும் அம்மாவை அதே எண்களில்தான் படுக்க வைக்கிறார்கள்.

பிறகு அறுவைத் தழும்பின் மேலும் சிகிச்சை தர வேண்டிய எல்லைகளிலும் மெல்லிய கம்பியை ஒட்டுவார்கள். வெறும் தழும்பு ஸ்கேனில் சரியாகத் தெரியாது, கம்பி வெள்ளைக் கோடாகத் தெரியும். அறையின் மேலிருந்தும் இரு பக்கச் சுவர்களிலிருந்தும் லேசர் ஒளி வரும். அது அம்மாவின் உடம்பில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும் மூன்று இடங்களில், நடு நெஞ்சில் ஒன்றும் இரண்டு விலாப் பக்கமும் ஒவ்வொன்றுமாக, கடுகளவு ஈயக் குண்டுகளை ஒட்டி ஸ்கேன் எடுப்பார்கள். குண்டு இருந்த இடத்தில்தான் பிறகு மையால் கூட்டல் குறி போடுவது. நடு நெஞ்சில் நீளவாக்கில் இறங்கும் கோடு, அம்மா கோணாமல் நேராகப் படுத்திருக்கிறாரா என்று பார்க்க. சில இடங்களில் மைக்குப் பதிலாக ஊசி முனையால் ஒரு புள்ளி பச்சை குத்திவிடுவதும் உண்டு, அது அழியாது. முதல் நாள் இயந்திரத்தில் படுக்க வைத்தபோது, பழைய குறியிலிருந்து இத்தனை சென்டிமீட்டர் தள்ளிப் புதுக் குறி போட்டிருக்கலாம். அதனால்தான் பல பேருக்கு இரண்டு செட் அடையாளம் இருக்கும். எது வேண்டும், எது வேண்டாதது என்று உங்களால் பிரித்துப் பார்க்க முடியாது என்பதும் கைவைக்காமல் இருக்க ஒரு காரணம்.

ஸ்கேன் 3 மில்லிமீட்டருக்கு ஒன்று என்று எடுக்கப்பட்டால், கழுத்திலிருந்து மேல் வயிறு வரை நூற்றுக்கும் மேற்பட்ட குறுக்குவெட்டுப் படங்கள் வரும். மருத்துவர் அத்தனையிலும் நெஞ்சுச் சுவர், நுரையீரல், இதயம் என்று ஒவ்வொன்றின் எல்லையையும் பார்த்துக் குறிக்க வேண்டும். அதன் பிறகு மருத்துவ இயற்பியலாளர், கதிர் எந்தக் கோணத்தில் நுழைந்து எந்தக் கோணத்தில் வெளியேறினால் இடது நுரையீரலுக்கும் இதயத்துக்கும் குறைவாகப் போகும் என்று கணக்குப் போடுவார். மருத்துவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் திரும்பப் போடுவார். ஒப்புக்கொண்ட பிறகு, கணக்கில் வந்த அளவை இயந்திரம் உண்மையிலேயே தருகிறதா என்று சரிபார்ப்பார்கள். ஒரு வாரம், பத்து நாள் ஆவது இதனால்தான். இடது மார்பு என்றால் இதயம் பக்கத்தில் இருப்பதால் இந்த வேலையை அவசரப்படுத்தக் கூடாது.

இப்போது உங்கள் கோட்டுக்கு வருவோம். மார்புக்குக் கதிர் நேர் மேலிருந்து குத்தி இறங்குவதில்லை. நடு நெஞ்சுப் பக்கமிருந்து ஒன்று, விலாப் பக்கமிருந்து ஒன்று என இரண்டு கதிர்கள் நெஞ்சுச் சுவரை உரசிக்கொண்டு போகும். பலாப்பழத்தின் மேல் முள்ளை மட்டும் சீவுவதற்குக் கத்தியைச் சாய்த்துப் பிடிப்பது போல. அப்போதும் நெஞ்சுக்கூடு வளைந்திருப்பதால் நுரையீரலின் ஒரு ஓரம் கதிருக்குள் வந்தே தீரும், அந்த ஓரம் பெரும்பாலும் 2 சென்டிமீட்டர் அளவில் இருக்கும்படி திட்டமிடுவார்கள். பக்கவாட்டுக் குறியின் வேலை மேஜையின் உயரத்தைச் சொல்வது. சுவரிலிருந்து வரும் லேசரில் அந்தக் குறி படும் வரை மேஜையை ஏற்றி இறக்குவார்கள். நீங்கள் வரைந்த குறி உண்மையான இடத்தைவிட 1 சென்டிமீட்டர் முதுகுப் பக்கம் தள்ளிப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறியை நம்பினால் மேஜையை 1 சென்டிமீட்டர் கூடுதலாக ஏற்றுவார்கள். உடம்பு மேலே போன அளவுக்குக் கதிர் உடம்பின் உள்ளே இறங்கும், 2 சென்டிமீட்டர் நுரையீரல் ஏறக்குறைய 3 ஆகும், இதயமும் கூடுதலாக உள்ளே வரும். குறி வயிற்றுப் பக்கமாக, முன்னால் தள்ளிப் போயிருந்தால் இதற்கு நேர்மாறு. உடம்பு கீழே இறங்கி, கதிர் பட வேண்டிய நெஞ்சுச் சுவரின் அடி விளிம்பு தப்பிப் போகும்.

பயப்பட வேண்டாம், இது இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்ளும். வலது பக்கக் குறி பழையது, சரியானது. வலதை லேசரில் பொருத்தினால் இடது பொருந்தாது, இடதைப் பொருத்தினால் வலது விலகும். அனுபவமுள்ள டெக்னீஷியன் அப்போதே நிறுத்தி, "இதை யார் போட்டது?" என்று கேட்பார். அதையும் தாண்டினால், சிகிச்சை மேஜையிலேயே எடுக்கும் எக்ஸ்ரே படத்தைத் திட்டப் படத்தோடு ஒப்பிடும்போது விலா எலும்புகள் பொருந்தாமல் நிற்கும். ஆனால் இந்தப் படத்தை எல்லா இடத்திலும் தினமும் எடுப்பதில்லை, முதல் சில நாள் எடுத்துவிட்டு அப்புறம் வாரம் ஒருமுறை எடுக்கும் இடங்களும் உண்டு. அதனால்தான் நீங்களே சொல்லிவிட வேண்டும் என்கிறேன். தப்பான குறியில் ஒரு நாள் நடந்திருந்தாலும் அது பதினைந்தில் ஒன்று, மருத்துவரிடம் சொன்னால் கணக்கில் எடுத்துக்கொள்வார். பதினோரு நாளும் அப்படியே தொடர்வதுதான் தவறு. நீங்கள் சொன்னதும் வலது குறி, நடுக் குறி, பழைய எண்கள், படம் இவற்றை வைத்து ஐந்து பத்து நிமிடத்தில் இடது குறியைப் புதிதாகப் போட்டுவிடுவார்கள். கேட்டால், மேலே ஒட்டக்கூடிய கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்திரியும் போட்டு விடுவார்கள். ஓரம் லேசாக எழும்பினால் பிய்க்காதீர்கள், தோலோடு வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவர்களுக்குத் தோள் இறுகும். கீமோ முடிந்ததும் கைப்பயிற்சியை விட்டுவிட்டால், சிமுலேஷன் அன்று உயர்ந்த கை இரண்டாவது வாரத்தில் அந்த அளவு உயராது. கை தாழ்ந்தால் தோல் இழுபடுவது மாறும், குறியும் நகரும். சுவரில் விரலால் எட்டு வைத்து மேலே ஏறும் பயிற்சியை, தினமும் காலையும் மாலையும், சிகிச்சை முடிந்த பிறகும் விடாமல் செய்யச் சொல்லுங்கள்.

குளியல் பற்றி. அம்மா கட்டாயம் குளிக்கலாம், இந்த வெயிலில் குளிக்காமல் இருப்பதுதான் தோலுக்குக் கெடுதல். வேர்வையும் உப்பும் அக்குள் மடிப்பில் தேங்கி அரித்தால் சொறிவார், கதிர் பட்ட தோலில் நகம் பட்டால் புண்ணாகும். குளிப்பதைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், காலையில் கிளம்பும் முன் வேண்டாம். அப்போது எந்தக் குறியாவது மங்கினாலும், மங்கியது தெரிந்தே மறுநாள் போவீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரைத் தோளிலிருந்து மெதுவாக மொண்டு ஊற்றலாம். ஷவரோ குழாய் நீரோ நேராக நெஞ்சில் அடிக்க வேண்டாம். வாசனை இல்லாத, மிருதுவான சோப்பைக் கையில் நுரைத்து உள்ளங்கையால் தடவி உடனே கழுவிவிடுங்கள், குறிகளின் மேல் சோப்பு வேண்டாம், தண்ணீர் ஓடினால் போதும். பீர்க்கன் நார், கடலை மாவு, சீயக்காய் எதுவும் அந்தப் பக்கம் படக் கூடாது. தலைக்கு ஊற்றும்போது குனிந்து முன்பக்கமாக ஊற்றினால் ஷாம்பு நெஞ்சில் வழியாது. துடைப்பதற்குத் துண்டு வேண்டாம். பல முறை துவைத்து நைந்த பருத்திச் சேலைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அக்குளை ஒற்றிய பிறகு கையைத் தூக்கிக் கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள்.

குறி போடும் மை ஸ்பிரிட்டில் கரைந்த மை. அதனால் தண்ணீரைவிட எண்ணெய், சானிடைசர், யூடிகோலோன், ஸ்பிரிட் தொட்ட பஞ்சு இவைதான் அதைச் சட்டென்று எடுத்துவிடும். தேங்காய் எண்ணெய்க்கு நான் மறுப்புச் சொல்வதன் முதல் காரணம் இதுதான். எண்ணெய் தோலுக்கு விஷமில்லை, ஆனால் தடவிய கொஞ்ச நேரத்தில் குறி மங்கிவிடும். அக்குளில் வழிந்து அடைத்தும் கொள்ளும். சிகிச்சை முடிந்து, குறி தேவையில்லை என்று ஆன பிறகு, தோல் எங்கும் உரியாமல் மூடியிருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு மெல்லியதாகத் தடவலாம்.

மஞ்சள் வேண்டவே வேண்டாம். அரைத்த மஞ்சள் எவ்வளவு நைசாக இருந்தாலும் துகள்தான், பூசித் தேய்க்கும்போது ஏற்கனவே மெலிந்துவரும் தோலை உராயும். கழுவி எடுக்க இன்னொரு தேய்ப்பு. அதைவிட, மஞ்சள் பூசிய தோலில் என்ன மாற்றம் நடக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். கறுப்பதை மஞ்சள் தடுக்காது, ஏனென்றால் மாற்றம் தோலின் மேலே நடப்பதில்லை. தோலின் அடி அடுக்கில் ஓயாமல் புதுச் செல்கள் பிறந்து மேலே வருகின்றன, கதிர் அந்தப் பிறப்பைக் குறைக்கிறது. மேலே இருக்கும் பழைய தோல் தேயும் வரை ஒன்றும் தெரியாது. நாலு நாளில் அம்மாவின் தோல் அப்படியே இருப்பதற்குக் காரணம் இதுதான், நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இரண்டாம் வார முடிவில் அந்த இடம் தொட்டால் சூடாக, லேசாக இறுகினாற்போல் இருக்கும். மூன்றாம் வாரம் நிறம் மாறத் தொடங்கும். உச்சம் வருவது கடைசி நாளுக்குப் பிறகு ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள். அதன் பிறகு நாலு முதல் ஆறு வாரத்தில் ஆறும். கரண்டு முடிந்துவிட்டது என்று விசேஷத்துக்கு மஞ்சள் பூசி, இறுக்கமான ஜாக்கெட் போட்டுக் கிளம்பும் அந்த இரண்டு வாரம்தான் தோல் மிகவும் நலிந்திருக்கும் சமயம்.

மருத்துவமனைத் தாள்களில் "தோல் சிவக்கும்" என்று எழுதியிருக்கும். நம் நிறத்தில் சிவப்பு பெரும்பாலும் தெரியாது, தெரிவது கருமை. சிவக்கவில்லையே என்று காத்திருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். தினமும் ஒரே வெளிச்சத்தில், வலது பக்கத்தையும் இடது பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள். அரிப்பா, எரிச்சலா என்று அம்மாவைக் கேளுங்கள். முதலில் மாறுவது அக்குளும், பழைய மார்புக்குக் கீழ் மடிப்பு இருந்த இடமும். மடிப்பில் கதிர் சாய்வாகப் படும், தோலோடு தோல் உரசும், ஈரமும் தேங்கும்.

தடவ வேண்டியது வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் கிரீம், மருத்துவர் சொன்ன ஒன்று. தோல் காய்வதற்கு முன்பே, இப்போதிருந்தே, நாளுக்கு இரண்டு மூன்று முறை. குறிகளிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிறுத்திக்கொள்ளுங்கள். சில மருத்துவர்கள் அரிப்புக்கும் எரிச்சலுக்கும் மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு கிரீம் எழுதித் தருவார்கள், அது நல்ல மருந்துதான், சொன்ன அளவில் சொன்ன நாள் மட்டும். கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

எவ்வளவு தடவுவது என்பதில் ஒரு விஷயம். லினாக் எனப்படும் கதிர்ச் சிகிச்சை இயந்திரத்தின் 6 எம்.வி. கதிர் முழு வலுவுக்கு வருவது தோலில் அல்ல, தோலுக்குச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் கீழே. தோல் ஓரளவு தப்பிப்பது அதனால்தான். தோலின் மேல் எதையாவது தடிமனாக அப்பினால் கதிருக்கு அதுவே தோல் ஆகிவிடும், உச்சம் உண்மையான தோலை நோக்கி ஏறிவிடும். மெல்லியதாகத் தடவி ஊறிப்போன கிரீமால் இது நடக்காது, சில மில்லிமீட்டர் தடிமனுக்கு வெள்ளையாகப் பூசிக்கொண்டு மேஜையில் ஏறினால் நடக்கும். நனைந்த கட்டுத் துணியும் அப்படித்தான். மருத்துவர்கள் சில சமயம் வேண்டுமென்றே இதைச் செய்வார்கள். மார்பை எடுத்தவர்களுக்குத் தோலையும் தழும்பையும் ஒட்டி நோய் திரும்பும் வாய்ப்பு இருந்தால், ஜவ்வு போன்ற ஒரு ஜெல் தகட்டை நெஞ்சில் விரித்துக் கதிர் வைப்பார்கள், போலஸ் என்று பெயர். அம்மாவுக்கு அப்படி ஏதாவது வைக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வைத்தால் தோல் கூடுதலாகக் கறுக்கும், உரியும். அது தவறால் அல்ல, திட்டமே அதுதான். காலையில் கிரீமே கூடாது என்று உங்கள் இடத்தில் சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள், சிகிச்சை முடிந்த பிறகு தடவிக்கொள்ளலாம்.

பவுடர் போடாதீர்கள், வேர்வையில் குழைந்து அக்குளில் உருண்டையாகி உராயும். வலிக்கிறது என்று தைலம் தேய்ப்பது, வெந்நீர் ஒத்தடம், ஐஸ் எதுவும் அந்த இடத்தில் கூடாது. அக்குளில் பிளேடு வேண்டாம். கற்றாழையை வெட்டி நேரடியாகத் தடவுகிறவர்களையும் பார்க்கிறோம். கதிர்ப் புண்ணை அது தடுக்கும் என்பதற்குச் சோதனைகளில் உறுதியான பலன் கிடைக்கவில்லை, உரிந்த தோலில் சுத்தமில்லாத சாறு பட்டால் சீழ் பிடிக்கும்.

உடுப்பில், இடது பக்கம் பிராவும் அதற்குள் வைக்கும் பஞ்சோ சிலிக்கானோ இந்த ஒன்றரை இரண்டு மாதத்துக்கு வேண்டாம். முன்பக்கம் திறக்கிற தளர்ந்த பருத்தி ஜாக்கெட், அல்லது பழைய சுங்குடிச் சேலையை வெட்டித் தைத்த மேல்சட்டை. சுங்குடி துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும், குறியின் மை ஒட்டினாலும் அடர் நிறத்தில் தெரியாது. தைத்த ஓரம் அக்குளுக்கு நேராக வராமல் பாருங்கள். கைப்பையை வலது தோளில் மாட்டச் சொல்லுங்கள்.

பஸ்ஸில் வலப்பக்க இருக்கை பாருங்கள். மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்குக் காலையில் வரும்போதும் பிற்பகலில் திரும்பும்போதும் வெயில் இடப்பக்க ஜன்னலில்தான் விழும், கதிர் பட்ட தோலுக்கு வெயில் இரண்டாவது தீ. கழுத்தோரமும் சேலை மூடியிருக்கட்டும்.

எப்போது பொறுக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தோல் செதிலாக, மீன் செதிள் போல உதிர்ந்தால் அது எதிர்பார்த்ததே. அக்குளில் தோல் உரிந்து, ஈரம் கசிந்து, ஜாக்கெட் ஒட்டிக்கொண்டால் மறுநாளுக்கு என்று விடாமல் காட்டுங்கள். சலைனால் கழுவி, ஒட்டாத டிரஸ்ஸிங் போடுவார்கள். சிலர் வெள்ளி கலந்த வெள்ளைக் களிம்பு தருவார்கள், அதைச் சிகிச்சைக்குப் பிறகு தடவி, அடுத்த நாள் மேஜையில் ஏறும் முன் மெதுவாகக் கழுவிவிட வேண்டும். ஊதா மருந்தை நீங்களாக வாங்கிப் பூசாதீர்கள். ஜென்ஷியன் வயலட் தோலைக் காய வைத்து வெடிக்கச் செய்யும், ஆறுவதைத் தள்ளிப்போடும், குறியையும் மறைத்துவிடும். மஞ்சள் நிறக் கசிவு, வாடை, அந்த இடத்தைச் சுற்றி வேகமாகப் பரவும் வீக்கம், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இடது கை திடீரென்று வீங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையானாலும்.

திருவிழா. பதினைந்து நாள் என்பது சனி, ஞாயிறு நீக்கி மூன்று வாரம். நாலு முடிந்திருக்கிறது என்றால் அழகர் ஆற்றில் இறங்கும் நாள் அம்மாவுக்குச் சிகிச்சையின் கடைசி நாட்களில் வந்து விழும். தோல் மாறத் தொடங்கியிருக்கும், குறிகளும் இன்னும் தேவைப்படும். விடியற்காலை ஆற்றுக்குள் அந்த நெரிசலில் முழங்கை ஒன்று இடது நெஞ்சில் இடித்தால் போதும். தோல் பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. ஆற்றுக்குள் வேண்டாம். மூன்று வாரமாகத் தவித்த அம்மாவுக்குச் சாமியைப் பார்க்கவே கூடாது என்று சொல்ல எனக்கும் மனமில்லை. அழகர் மலைக்குத் திரும்பும் நாட்களில், வெயில் சாய்ந்த பிறகு, கூட்டம் கலைந்த ஒரு மண்டகப்படிக்குக் கூட்டிப் போங்கள். உட்கார ஒரு மடக்கு நாற்காலி, இடது பக்கம் நீங்கள் நின்று காவல். சிகிச்சை அதற்குள் முடிந்திருந்தாலும் தோல் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் நாட்கள் அவை என்பதை மறக்க வேண்டாம்.

ஆற்றில் இறங்கும் நாளுக்கு மதுரை மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். அன்று சிகிச்சைப் பிரிவு உண்டா என்று இப்போதே கேட்டு வையுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு நாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்வார்கள், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. பிரிவு நடந்தால், ஊர் முழுக்கப் போக்குவரத்து மாறியிருக்கும். முந்தின இரவே மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது. அப்படித் தங்கினால், அங்கே அம்மா குளிக்கும்போது நீங்கள் கூட இருங்கள். அந்த வீட்டில் எடுத்துக் கொடுப்பது நல்லெண்ணெயும் சீயக்காயுமாகத்தான் இருக்கும்.

கடைசி நாள் முடிந்ததும் குறிகளைத் தேய்த்து அழிக்க வேண்டாம், ஸ்பிரிட் போட்டும் எடுக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் பழைய தோலோடு அதுவாகவே போய்விடும்.